சூழ்நிலை அணுகுமுறையா, முறைமை அணுகுமுறையா: மாறும் நிலைமைகளில் ஒரு துறையை மாற்றியமைக்க எதை முதலில் எடுப்பது?

நிலைமைகள் மாறிக்கொண்டே இருந்து ஒரு துறை திணறும்போது, பொறுப்பில் இருப்பவர் முன்னால் இரண்டு யோசனைகள் வந்து நிற்கும். "வெளியே எல்லாம் மாறிவிட்டது, துறையின் கட்டமைப்பை அதற்கேற்ப மாற்று" என்பது ஒன்று. "துறையை மட்டும் பார்க்காதே, வேலை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று முழு ஓட்டத்தையும் பார்" என்பது இன்னொன்று. முதலாவதை நிர்வாகவியலில் சூழ்நிலை அணுகுமுறை என்பார்கள், இரண்டாவதை முறைமை அணுகுமுறை என்பார்கள். பாடப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த அத்தியாயங்களாகச் சமாதானமாக இருக்கும். உண்மையான ஒரு துறையில் பொருத்திப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். முதலாவது ஆட்களைப் பிரித்து வேறு குழுக்களாகச் சேர்க்கச் சொல்லும். இரண்டாவது, ஆட்களை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, ஆர்டர் போடும் விதியை மாற்றச் சொல்லும்.

"இரண்டையும் கலந்து பயன்படுத்துங்கள்" என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது தவறில்லை. ஆனால் எதை முதலில் தொடுவது என்று கேட்பவருக்கு அதனால் பயனில்லை. ஒரே மாதத்தில் இரண்டையும் தொட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. எதை முதலில் எடுப்பது என்பதைப் பெரும்பாலான துறைகளில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளை வைத்தே முடிவு செய்துவிடலாம் என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்கள் போதும்.

1. மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த அணுகுமுறை சரியாகக் கண்டுபிடிக்குமா? உண்மையிலேயே வெளியிலிருந்து வருகிறதா, இல்லை நம் நிறுவனமே உண்டாக்குகிறதா?
2. எந்த வகை மாற்றத்துக்கு அது பதில் தரும்? ஒரே மாதிரி வேலை கூடிக் குறைவது ஒரு வகை. இதுவரை பார்க்காத வேலை வருவது வேறு வகை. துறையிலிருந்து பார்த்தால் இரண்டுமே "நிலைமை நிலையாக இல்லை" என்றுதான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.
3. அது தரும் விடை எவ்வளவு குறிப்பானது? யார் யாரோடு உட்கார வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போகுமா?
4. அதன் மறைமுகச் செலவு என்ன? தவறிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

முதல் இரண்டும்தான் முக்கியம். அவற்றில் தவறினால் மற்ற இரண்டிலும் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் பயனில்லை.

## சூழ்நிலை அணுகுமுறை

எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் ஒரே சிறந்த கட்டமைப்பு கிடையாது என்பதுதான் இதன் அடிப்படை. டாம் பர்ன்ஸ், ஜி. எம். ஸ்டாக்கர் இருவரும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் சுமார் இருபது நிறுவனங்களை ஆராய்ந்து 1961-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தையும் தொழில்நுட்பமும் நிதானமாக இருந்த இடங்களில், வேலைகள் கறாராகப் பிரிக்கப்பட்டு உத்தரவு மேலிருந்து கீழே வரும் இயந்திர வகைக் கட்டமைப்பு நன்றாக ஓடியது. வேகமாக மாறும் இடங்களில், பொறுப்புகள் இறுகாமல், விஷயம் தெரிந்தவர் முடிவெடுக்கும் நெகிழ்வான கட்டமைப்பு எடுபட்டது.

துறைகளை வடிவமைக்க இதைவிட நேரடியாக உதவுவது பால் லாரன்ஸ், ஜே லார்ஷ் இருவரின் 1967 ஆய்வு. பிளாஸ்டிக் தொழிலில் ஆறு, உணவுத் தொழிலில் இரண்டு, கொள்கலன் தொழிலில் இரண்டு என மொத்தம் பத்து நிறுவனங்களை அவர்கள் பார்த்தார்கள். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஒவ்வொரு துறையும் வேறு வேறு சூழலைச் சந்திக்கிறது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆராய்ச்சித் துறை ஆண்டுக் கணக்கில் யோசிக்கும், உற்பத்தித் துறை இந்த வாரத்தைப் பற்றி யோசிக்கும். அதனால் துறைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டே ஆக வேண்டும். ஆனால் வேறுபாடு கூடக் கூட, அவற்றை இணைக்கும் வேலையும் கூடும். வேகமாக மாறிய பிளாஸ்டிக் தொழிலில் அதற்கென்றே ஒரு தனி இணைப்புத் துறை தேவைப்பட்டது. நிதானமான கொள்கலன் தொழிலில் வழக்கமான மேலதிகாரிகளே அதைச் செய்துவிட்டார்கள். சிறப்பாகச் செயல்பட்ட நிறுவனங்கள் தங்கள் சூழலுக்கு வேண்டிய அளவு வேறுபாட்டையும் இணைப்பையும் ஒருசேர வைத்திருந்தன.

நம் மூன்றாவது அளவுகோலில், அதாவது குறிப்பான விடை தருவதில், இந்த அணுகுமுறைக்கு இணையே இல்லை. இணைப்பாளராக யாரைப் போடுவது என்பது வரைக்கும் அதனிடம் பதில் இருக்கிறது. எந்தத் துறையின் பார்வையிலும் முழுக்கச் சாயாத, இடைப்பட்ட பார்வை உள்ளவராக இருக்க வேண்டும். அவர் சொல்லை மற்றவர்கள் கேட்பது பதவிக்காக இல்லாமல், அவருக்கு விஷயம் தெரியும் என்பதற்காக இருக்க வேண்டும். யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்கு அதே 1967-இல் ஜேம்ஸ் தாம்ப்சன் ஒரு தெளிவான வரிசை தந்தார். ஒருவர் வேலை இன்னொருவருக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் முதலாமவரிடமே வரும் என்றால், அவர்களை முதலில் ஒரே குழுவில் போடு. ஒரு வழியாக மட்டும் கைமாறும் வேலைகளை அடுத்துப் பார். பொதுவான வளத்தை மட்டும் பகிர்ந்துகொள்பவர்கள் தனித்தனியாகவே இருக்கலாம், பொது விதிகள் போதும்.

இப்போது முதல் அளவுகோலுக்கு வருவோம். இங்கேதான் இந்த அணுகுமுறை சறுக்குகிறது. சூழல் என்பது வெளியே இருக்கிறது, அதை அளந்து நம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. அளப்பது எப்படி? பெரும்பாலும் மேலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துத்தான். லாரன்ஸும் லார்ஷும்கூடச் சூழலின் நிச்சயமின்மையை அளக்கக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள். 1973-இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கேள்வித்தாளின் விடைகளைச் சந்தை, தொழில்நுட்பம் பற்றிய புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டபோது இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. மேலாளருக்கு நிலைமை தாறுமாறாகத் தெரிவதும், நிலைமை தாறுமாறாக இருப்பதும் ஒன்றல்ல.

அப்புறம், மறைமுகச் செலவு. கட்டமைப்பை மாற்றும்போது பதவி மாறும், யார் யாருக்குக் கீழே என்பது மாறும், சிலர் கையிலிருந்த அதிகாரம் போகும். நெகிழ்வாக மாற வேண்டிய நிறுவனங்கள் பல மாறாமலே நின்றதைப் பர்ன்ஸும் ஸ்டாக்கரும் அப்போதே பதிவு செய்தார்கள். அந்தஸ்தையும் துறைச் செல்வாக்கையும் விட்டுக்கொடுக்க மனமில்லாததால், பழைய கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே குழுக்களையும் தொடர்பு அலுவலர்களையும் அடுக்கினார்கள். சிக்கல்கள் மேலும் மேலும் தலைமை அதிகாரியின் மேசைக்கே போய்ச் சேர்ந்தன. இன்றைக்கும் மறுசீரமைப்பு என்ற பெயரில் நடப்பதில் கணிசமான பகுதி இதுதான். ஒருமுறை ஆட்களைக் கலைத்துவிட்டால் பழையபடி கூட்டிச் சேர்ப்பதும் லேசில் முடியாது. பழகிய வேலை உறவுகள் அதற்குள் போயிருக்கும்.

## முறைமை அணுகுமுறை

லுட்விக் ஃபான் பெர்டலான்ஃபி உயிரியலிலிருந்து திறந்த முறைமை என்ற கருத்தைக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து எதையோ வாங்கி, மாற்றி, வெளியே கொடுத்து, அதன் விளைவைத் திரும்பப் பெற்றுத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பது திறந்த முறைமை. டேனியல் கேட்ஸ், ராபர்ட் கான் இருவரும் 1966-இல் இதை நிறுவனங்களுக்குப் பொருத்தி விரிவாக எழுதினார்கள். இந்த அளவில் நிறுத்தினால் அது ஒரு பொதுவான கண்ணோட்டம் மட்டுமே. "எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது" என்று சொல்லிவிட்டால், திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

இதைக் கைக்கு எட்டும் கருவியாக்கியவர் ஜே ஃபாரெஸ்டர். அமெரிக்காவின் கென்டக்கியில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் மூன்று, நான்கு ஷிப்ட் ஓடும், சில ஆண்டுகளில் பாதி ஆட்களை அனுப்பிவிட வேண்டிவரும். பொருளாதார ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று சொல்வது எளிது, ஆனால் அங்கே இருந்தவர்களுக்கே அந்த விளக்கம் போதவில்லை. அவர்கள் எப்படி ஆள் எடுக்கிறார்கள், எப்படி இருப்பு வைக்கிறார்கள் என்று கேட்டு, ஃபாரெஸ்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியே தேவை மாறாமல் நின்றாலும், அந்த முடிவு விதிகளே வேலைவாய்ப்பை ஏற்றி இறக்கிவிடும் என்று தெரிந்தது. 1958-இலும் 1961-இலும் அவர் இதை விரித்து எழுதினார்.

நம் முதல் அளவுகோலுக்கு இது நேரான பதில். வெளியிலிருந்து வருவதாக நாம் நினைக்கும் அலை நாமே எழுப்பியதா என்று கேட்கும் கருவி சூழ்நிலை அணுகுமுறையிடம் இல்லை, இதனிடம் இருக்கிறது. இரண்டாவது அளவுகோலில், எண்ணிக்கை கூடிக் குறையும் வகை மாற்றத்துக்கு இது மிகச் சரியாகப் பொருந்தும். காலதாமதம், இருப்பு, பின்னூட்டம் மூன்றையும் வைத்து ஏற்ற இறக்கத்தை விளக்கும். புது வகை வேலை வரும்போது இது அவ்வளவாகக் கைகொடுக்காது. இதுவரை யாரும் பார்க்காத ஒரு கோளாறை யார் உட்கார்ந்து தீர்ப்பது என்பதற்கு ஓட்டப்படத்தில் விடை இருக்காது.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. முதலாவது, எல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் படம் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் சுவர் முழுக்க அம்புக்குறிகள் இருக்கும், ஒரு முடிவும் இருக்காது. இரண்டாவது, மாற்ற வேண்டிய விதி பெரும்பாலும் உங்கள் துறையில் இருக்காது, பக்கத்துத் துறையில் இருக்கும். அதை மாற்றச் சொல்ல உங்களுக்கு அதிகாரமும் இருக்காது. மூன்றாவது, பலன் தாமதமாகத் தெரியும். நடுவில் பொறுமையிழந்து இன்னொரு விதியையும் மாற்றினால் அலை இன்னும் பெரிதாகும். நான்காவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், இது பலர் கவனிக்காதது. காரணம் முறைமையில் இருக்கிறது என்று சொல்லிப் பழகிய இடத்தில் யாரும் எதற்கும் பொறுப்பேற்காமல் போகும் ஆபத்து உண்டு. எந்த விதியை யார் எப்போது திருத்துவார் என்று பெயரோடு எழுதி வைக்காவிட்டால் இது நடக்கும்.

ஆனால் திரும்பிப் போவது எளிது. ஒரு விதியை மாற்றி எட்டு வாரம் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்றால் பழைய விதியையே போட்டுக்கொள்ளலாம். யாருடைய பதவியும் போயிருக்காது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சூழ்நிலை அணுகுமுறை | முறைமை அணுகுமுறை |
|---|---|---|
| மாற்றத்தின் ஊற்று | வெளியே இருப்பதாக எடுத்துக்கொள்ளும் | உள்ளே உண்டாகிறதா என்று சோதிக்கும் |
| எந்த வகை மாற்றம் | புது வகை வேலைகள் | ஒரே வகை வேலையின் ஏற்ற இறக்கம் |
| விடை | குழு, அதிகாரம், இணைப்பாளர் | விதி, இருப்பு, காலதாமதம், பின்னூட்டம் |
| மறைமுகச் செலவு | பதவிப் போட்டி, கலைந்த உறவுகள், கூட்டங்கள் | முடிவில்லாத வரைபடம், பக்கத்துத் துறையின் சம்மதம், காத்திருப்பு |
| திரும்பிப் போவது | கடினம் | எளிது |

## ஒரு நிறுவனம், இரண்டு துறைகள்

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது நீர் சுத்திகரிப்புக் கருவிகள் செய்கிறது. உதிரிபாகத் துறை, வாடிக்கையாளர் தொழில்நுட்ப உதவித் துறை இரண்டுமே தாங்க முடியாமல் திணறுகின்றன. இரண்டின் தலைவர்களும் ஒரே வார்த்தைகளில் புகார் சொல்கிறார்கள்: "எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை." நிர்வாகம் இரண்டையும் நெகிழ்வான குழுக்களாக மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறது.

முதலில் உதிரிபாகத் துறை. கிடங்குகளிலிருந்து ஒரு வடிகட்டிக்கு வாரத்துக்கு 100 ஆர்டர் வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாரம் 150 வந்தது. அடுத்த வாரம் 110, அதற்கு அடுத்த வாரம் 60. ஆர்டர் எண்களை மட்டும் பார்த்தால் பயங்கரமான சந்தை. ஆனால் அதே வாரங்களில் பயனாளர்கள் உண்மையில் வாங்கியது எவ்வளவு? 100, 110, 110, 100. வெளியே நடந்தது பத்து சதவீத அசைவு மட்டும்தான்.

மீதி எங்கிருந்து வந்தது? கிடங்கின் விதியிலிருந்து. "போன வாரம் விற்ற அளவுக்கு நான்கு வார இருப்பு வைத்துக்கொள்" என்பது அந்த விதி. வந்து சேர வேண்டிய சரக்கையும் இருப்பாகவே எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 100 ஆக இருந்தபோது வேண்டிய இருப்பு 400. விற்பனை 110 ஆனதும் கையில் மிச்சம் 290, வேண்டியதோ 440. எனவே ஆர்டர் 150. அடுத்த வாரமும் 110 விற்றால், 440-இல் மிச்சம் 330, ஆர்டர் 110. விற்பனை மறுபடி 100 ஆனால் மிச்சம் 340, வேண்டியது 400, ஆர்டர் 60. விற்பனை பத்து கூடியதற்கு ஆர்டர் ஐம்பது கூடியது, பத்து குறைந்ததற்கு ஐம்பது குறைந்தது. யாரும் தவறு செய்யவில்லை, எல்லோரும் விதிப்படியே நடந்தார்கள்.

இத்தோடு நிற்காது. 150 ஆர்டர் வந்த வாரத்தில் உதிரிபாகத் துறையால் எல்லாவற்றையும் அனுப்ப முடியாமல் தாமதமாகும். தாமதத்தைப் பார்த்த கிடங்கு மேலாளர், பாதுகாப்புக்காக நான்கு வார இருப்பை ஆறு வாரமாக்குவார். 110 விற்பனையில் அது மட்டுமே 220 கூடுதல் ஆர்டர். அந்த 220 இன்னும் தாமதத்தைக் கொண்டுவரும். தாமதம் இருப்பைக் கூட்ட, இருப்பு தாமதத்தைக் கூட்ட, சுற்றிச் சுற்றி வரும்.

இந்த இடத்தில் சூழ்நிலை அணுகுமுறையை முதலில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். நிச்சயமின்மை அதிகம் என்று கேள்வித்தாள் சொல்லும். அதன்படி துறையைக் கலைத்துக் குழுக்களாக்கி, தொடர்பு அலுவலர்களைப் போட்டு, தினமும் கூட்டம் நடத்துவார்கள். நிறுவனம் தன் சொந்த எதிரொலிக்கு ஏற்பத் தன்னை வடிவமைத்துக்கொள்ளும். அலை அப்படியே இருக்கும். போதாததற்கு, நெகிழ்வான குழு ஒவ்வொரு ஆர்டருக்கும் வேகமாக எதிர்வினை காட்டும்.

முறைமை அணுகுமுறை சொல்வது சின்ன மாற்றம். போன வார விற்பனைக்குப் பதிலாக, கடைசி நான்கு வாரங்களின் சராசரியை எடு. விற்பனை 110 ஆனால் சராசரி ஒவ்வொரு வாரமும் 2.5 கூடும், வேண்டிய இருப்பு 10 கூடும். ஆர்டர் நான்கு வாரங்களுக்கு 120 என்று வந்து, பிறகு 110-இல் நிற்கும். விற்பனை 100-க்குத் திரும்பினால் நான்கு வாரம் 90 வந்து 100-இல் நிற்கும். கிடங்குக்குக் கடைசியில் கிடைக்கும் இருப்பு அதேதான். ஆனால் 60-க்கும் 150-க்கும் நடுவில் ஆடியது இப்போது 90-க்கும் 120-க்கும் நடுவில் ஆடுகிறது. ஒரு ஆளைக்கூட இடம் மாற்றவில்லை. இதன் விலை என்னவென்றால், விற்பனை உண்மையாகவே நிரந்தரமாகக் கூடும்போது இருப்பு கொஞ்சம் தாமதமாக நிரம்பும். அந்தச் சில வாரங்கள் கிடங்கு சற்று மெலிந்த இருப்போடு ஓட வேண்டும்.

இனி தொழில்நுட்ப உதவித் துறை. வாரத்துக்கு 400 அழைப்புகள். இந்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறவே இல்லை. அப்படியானால் ஏன் திணறல்? முன்பு இருபதில் ஒரு அழைப்புதான் கையேட்டில் இல்லாத சிக்கலாக இருந்தது. கருவிகளில் வேறு வேறு நிறுவனங்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் வந்த பிறகு, நான்கில் ஒன்று அப்படி ஆகிவிட்டது. கையேட்டில் இல்லாததெல்லாம் மேற்பார்வையாளரிடம் போகும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆகும். முன்பு வாரத்துக்கு 20 அழைப்பு, 10 மணி நேரம். இப்போது 100 அழைப்பு, 50 மணி நேரம். ஒரு மேற்பார்வையாளரிடம் அவ்வளவு நேரம் கிடையாது.

இது வெளியிலிருந்து வந்த மாற்றம், அதுவும் வகையில் வந்த மாற்றம். ஆர்டர் விதியைத் திருத்துவதுபோல இங்கே திருத்த எதுவும் இல்லை. விதிவிலக்குகள் மேலே போய் அடைத்துக்கொள்ளும் இந்த நிலைமையைத்தான் ஜே கால்பிரெய்த் 1970-களில் விவரித்தார். அவர் சொன்ன ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இந்த நெருக்கடிக்கு நிறுவனம் தெரிந்தே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அதுவாகவே ஒரு வழி நடந்துவிடும்: தரம் குறையும், காலக்கெடு நீளும். அழைத்தவர் மூன்று நாள் காத்திருப்பது எழுதப்படாத விதியாகிவிடும்.

எனவே இங்கே கட்டமைப்பைத் தொட வேண்டும், ஆனால் முழுத் துறையையும் இல்லை. 300 வழக்கமான அழைப்புகளைக் கையாளும் பகுதி கறாரான முறையிலேயே இருக்கட்டும். அதைக் குலைப்பது நஷ்டம். மீதி நூறுக்கு அனுபவமுள்ள இரண்டு தொழில்நுட்பர், மென்பொருள் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழுவை அமைக்கலாம். ஒரு சிக்கல் இவர்களுக்குள் முன்னும் பின்னும் பலமுறை போய்வரும் என்பதால் ஒரே குழுவில் இருப்பதுதான் சரி. பாகத்தை மாற்றித் தருவது, கருவியைத் திரும்பப் பெறுவது போன்ற முடிவுகளை மேலே கேட்காமல் எடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். அதிகாரம் கொடுக்காமல் குழு மட்டும் அமைத்தால், அதே ஐம்பது மணி நேரம் மறுபடி மேற்பார்வையாளர் மேசையில்தான் வந்து விழும். வடிவமைப்புத் துறையோடு பேச ஒரு இணைப்பாளர் வேண்டும். அவர் இரண்டு பக்கத்துக் கவலையும் புரிந்தவராக இருக்க வேண்டும்.

குழு அமைந்த பிறகு முறைமைப் பார்வை திரும்ப வருகிறது. அந்த நூறும் நூறு வேறு வேறு சிக்கல்களாக இருக்காது, பல திரும்பத் திரும்ப வரும். தீர்த்த ஒவ்வொன்றும் கையேட்டில் ஏறி வழக்கமான பகுதிக்குப் போய்ச் சேரும் பாதை இல்லாவிட்டால், சிறு குழு ஆறு மாதத்தில் மேற்பார்வையாளரைப் போலவே மூழ்கும். அதனால் அவர்களின் வார நேரத்தில் ஒரு பகுதியைக் கையேடு எழுதுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். அவசரம் வரும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த நேரம்தான், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

## உங்கள் துறை எந்த வகை என்று சோதிப்பது எப்படி

இரண்டு சோதனைகள்.

முதலாவது, ஓராண்டு வாராந்தரப் பதிவை எடுங்கள். கடைசிப் பயனாளர் கேட்ட அளவு ஒரு வரிசை, உங்கள் துறைக்கு வந்து சேர்ந்த வேலை ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள். துறைக்கு வந்ததன் எண், பயனாளரின் எண்ணைவிட மிகவும் பெரிதாக இருந்தால், நடுவில் யாரோ பெருக்குகிறார்கள். அப்புறம், உச்சங்கள் எந்த வாரங்களில் விழுகின்றன என்று பாருங்கள். மாதக் கடைசி, விற்பனை இலக்கு முடியும் வாரம், விலை ஏற்றத்துக்கு முந்தைய வாரம் என்று விழுந்தால் ஊற்று உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது, மேலே அனுப்பப்படும் விதிவிலக்குகளின் பங்கை எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கை இங்கே வேண்டாம், நூறு வேலையில் எத்தனை என்பதே வேண்டும். சார்ல்ஸ் பெரோ 1967-இலேயே வேலைகளை இப்படிப் பிரிக்கச் சொன்னார்: விதிவிலக்கு எவ்வளவு அடிக்கடி வருகிறது, வந்தால் அதைத் தீர்க்கத் தெரிந்த வழிமுறை இருக்கிறதா? விதிவிலக்கு அதிகம், ஆனால் தீர்க்கும் வழி தெரிந்ததே என்றால், தேர்ந்த வல்லுநர் ஒருவரும் நல்ல குறிப்புகளும் போதும். வழியும் தெரியவில்லை என்றால்தான் பலதுறைக் குழு வேண்டும்.

## எப்போது எது

ஏற்ற இறக்கம் எண்ணிக்கையில் இருக்கிறது, அதுவும் உள்ளே பெருகுகிறது என்றால் முறைமை அணுகுமுறையை முதலில் எடுங்கள். விதிவிலக்குகளின் பங்கு உயர்ந்துகொண்டே போகிறது என்றால் சூழ்நிலை அணுகுமுறை. இரண்டும் சேர்ந்து இருந்தால், நான் விதியைத்தான் முதலில் தொடுவேன். காரணம், திரும்பிப் போக முடியும். அதோடு, உள்ளே எழும் அலை அடங்கிய பிறகுதான் வெளியே உண்மையில் எவ்வளவு மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கட்டமைப்பை அந்த உண்மையான அளவுக்கு வடிவமைக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெருக்கும் விதி உங்கள் நிறுவனத்துக்கு வெளியே, உங்கள் பேச்சைக் கேட்காத ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் இருந்தால், அதை மாற்றலாம் என்று ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். மாற்ற முடியாததைச் சூழலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தாம்ப்சன் சொன்னபடி, துறையின் மையப் பகுதியை அந்த அலையிலிருந்து காக்க ஓரத்தில் ஒரு தடுப்பு வையுங்கள்: கொஞ்சம் கூடுதல் இருப்பு, ஆர்டர்களை வரிசைப்படுத்தி நிதானமாக உள்ளே விடும் ஒரு சிறு பகுதி, அல்லது நெருக்கடி வாரங்களில் யாருக்கு முதலில் என்ற வெளிப்படையான முன்னுரிமை. அந்த வாடிக்கையாளர் தன் விற்பனை எண்களைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் நிலைமை மாறும். ஆர்டரை விட்டுவிட்டு விற்பனையைப் பார்த்துத் திட்டமிடலாம், தடுப்பையும் குறைத்துக்கொள்ளலாம்.

எதை மாற்றினாலும் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருங்கள். ஆர்டர் விதி நான்கு வாரச் சராசரியில் ஓடுகிறது என்றால், நான்கு வாரத்துக்கு முன்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. எட்டு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் முதல் சோதனையில் இரண்டு எண்களின் இடைவெளி குறையவில்லை என்றால், பெருக்கும் விதி வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது தாமதத்தைப் பார்த்து யாரோ சொல்லாமல் கூட்டிக்கொண்ட பாதுகாப்பு இருப்பாகத்தான் இருக்கும். கட்டமைப்பை மாற்றிய துறையில் விதிவிலக்குகளின் பங்கோடு, அவற்றில் எத்தனை மேற்பார்வையாளரிடம் திரும்பிப் போகின்றன என்பதையும் எண்ணுங்கள். அந்த இரண்டாவது எண் குறையாமல் நின்றால், குழுவுக்குப் பெயர்தான் கிடைத்திருக்கிறது, முடிவெடுக்கும் அதிகாரம் இன்னும் கைக்கு வரவில்லை. எந்தெந்த முடிவுகள் திரும்பி மேலே போகின்றன என்று ஒரு வாரம் பட்டியல் எடுத்தால், அடுத்து எந்த அதிகாரத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.